வாந்தி பேதி வந்தவர் மீண்டும் சமையலறைக்குள் வருவது எப்போது?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் நெடுஞ்சாலையோரம் சின்ன ஓட்டல் நடத்துகிறேன். சட்னி அரைத்து டிபன் பரிமாறும் பையனுக்குச் செவ்வாய் இரவு 11 மணிக்குக் கடையிலேயே வாந்தி தொடங்கியது. புதன் முழுக்கப் பேதி. வியாழன் காலை 6 மணிக்குக் கடைசியாகப் போனது. 8 மணிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை ஒன்றைப் போட்ட பிறகு ஒன்றும் இல்லை. வெள்ளி காலை வேலைக்கு வருகிறேன் என்கிறான். அன்று முகூர்த்தம், 150 பார்சல் ஆர்டர் இருக்கிறது. சேர்த்துக்கொள்ளலாமா? டாக்டர் சான்று வேண்டுமா? போன மாதம்தான் மெடிக்கல் ஃபிட்னஸ் எடுத்தோம்.

பதில்:

வெள்ளிக்கிழமை சேர்க்காதீர்கள். கணக்குப்படி அவருக்கு விலக்கு முடிவது சனிக்கிழமை காலை 8 மணி. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஞாயிறு காலைதான் வரச் சொல்வேன். நீங்கள் எழுதியிருப்பதைத் தவிர வேறு அறிகுறி ஏதும் இல்லையென்றால் டாக்டர் சான்று தேவைப்படாது. போன மாதம் எடுத்த ஃபிட்னஸ் சான்று இந்தக் கேள்விக்கு எந்த வகையிலும் உதவாது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உணவைக் கையாளுகிறவருக்கு வாந்தியோ பேதியோ வந்தால், அது கடைசியாக நிகழ்ந்த நேரத்திலிருந்து முழுதாக 48 மணி நேரம் தொந்தரவு இல்லாமல் கழிய வேண்டும் என்பது பிரிட்டனின் உணவுத் தர முகமை வைத்திருக்கும் விதி. பெரிய கேட்டரிங் நிறுவனங்கள் பலவும் இதைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்க உணவு விதித்தொகுப்பு, காரணம் கண்டறியப்படாத வாந்தி பேதிக்கு 24 மணி நேரம் போதும் என்கிறது. நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவு வழியாகப் பரவக்கூடிய நோய் உள்ளவரையும், இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவரையும் உணவு கையாளும் இடத்துக்குள் விடக் கூடாது என்றும், பணியாளர் தன் நோயை உடனே தெரிவிப்பதற்கான ஏற்பாட்டை உரிமையாளர் செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை மணி நேரம் என்பதை நாமேதான் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊரில் சாதாரண வயிற்றுப்போக்குக்கு யாரும் மலப் பரிசோதனை செய்து கிருமியைக் கண்டுபிடிப்பதில்லை. எந்தக் கிருமி என்றே தெரியாதபோது நீளமான கணக்கைப் பிடித்துக்கொள்வதுதான் சரி என்று நான் 48 மணி நேரத்தையே சொல்லிவருகிறேன்.

இந்த 48 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலான கடைகள் தவறுகின்றன. நோய் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணினால் உங்கள் பணியாளருக்கு வியாழன் இரவு 11 மணிக்கே முடிந்துவிடும். வெள்ளி காலை வரலாம் என்று அவர் நினைப்பதும் அநேகமாக இந்தக் கணக்கை வைத்துத்தான். கடைசியாகப் போன நேரத்திலிருந்து எண்ணினால் சனி காலை 6 மணி. ஆனால் அவர் 8 மணிக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். மெடிக்கலில் "லூஸ் மோஷனுக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் லோபரமைடு கொடுப்பார்கள். அது குடலின் அசைவைக் குறைத்துப் போக்கை நிறுத்துகிறதே ஒழிய, கிருமியைக் கொல்வதில்லை. மாத்திரையால் நின்றதா, நோய் தணிந்து நின்றதா என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லாததால், கடைசி மாத்திரை போட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அதனால்தான் சனி காலை 8 மணி என்றேன். அந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். வியாழன் இரவு வரைக்கும் அதன் பிடி இருந்திருக்கும். உங்கள் காலை டிபன் வேலை எப்படியும் 5 மணிக்கே தொடங்கிவிடும் என்பதால் சனி காலை தானாகவே போய்விடுகிறது. சனி மாலை விதிப்படி வரலாம் என்றாலும், இன்னும் ஓர் இரவு கழித்து, வழக்கமான சாப்பாடு சாப்பிட்டு, வழக்கம்போல் கழிவறை போய்விட்டு ஞாயிறு வருவதில் எனக்கு மனநிறைவு அதிகம். இடையில் ஒரு முறை போனாலும் கணக்கு அந்த நேரத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர், கஞ்சி ஆகியவை கணக்கைப் பாதிக்காது. அவற்றைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தால் அதையும் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

திடீரென்று வாந்தியில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் தானே அடங்கும் இந்த வகைக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று நோரோ வைரஸ். உங்கள் பணியாளருக்கு அதுதான் என்று சோதனை இல்லாமல் சொல்ல முடியாது. ஆனால் அப்படி வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பானது. இந்த வைரஸ் நூற்றுக்கும் குறைவான துகள்கள் உள்ளே போனாலே நோயைத் தரக்கூடியது. நோயாளியின் ஒரு கிராம் மலத்திலோ கோடிக்கணக்கில் இருக்கும். நோய் நின்ற பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். அப்படியானால் 48 மணி நேரத்துக்குப் பிறகு மட்டும் எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்பீர்கள். வெளியேற்றம் உச்சத்தில் இருப்பது நோயின் முதல் சில நாட்களில்தான். அதைவிட முக்கியம், போக்கு நீர்த்தும் அடிக்கடியும் இருக்கும்போது கை, உடை, குழாய், கதவு எல்லாம் அசுத்தமாகின்றன, கட்டுப்படுத்த இயலாது. கெட்டியாகிவிட்டால் சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவிய கையால் மிச்ச ஆபத்தைச் சமாளிக்க முடியும். ஆகவே 48 மணி நேரம் என்பது கிருமி போய்விட்டது என்பதற்கான உத்தரவாதமல்ல. அதன் பிறகு கை கழுவுதல் வேலை செய்யும் என்பது மட்டுமே அதன் பொருள்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்தபோது, வயிற்றுப்போக்கு நின்ற மறுநாளே வந்த உதவியாளர் ஒருவரை, ஆள் பற்றாக்குறையால், "அடுப்புப் பக்கம் வேண்டாம், வெங்காயம் மட்டும் நறுக்கு" என்று உட்கார வைத்தேன். அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் பாதுகாப்பு என்பது என் எண்ணம். உண்மை நேர்மாறானது. அடுப்பில் கொதிக்கும் சாம்பாரில் கை பட்டிருந்தாலும் பெரிதாகக் கெடுதல் இராது. அவர் நறுக்கிய வெங்காயமோ பச்சையாகத் தயிர்ப் பச்சடியில் போனது. அந்தப் பச்சடி மதியம் போனது. அடுத்த நாள் மாலையிலிருந்து அந்த ஷிப்டில் சாப்பிட்டவர்கள் பலர் வாந்தியோடு விடுப்பு எடுத்தார்கள். சாப்பிட்டு 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நோரோவின் இயல்பு. யாரிடமும் மாதிரி எடுத்துச் சோதிக்கவில்லை என்பதால் பச்சடிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது; ஆனால் பச்சடி சாப்பிடாமல் எலுமிச்சை சாதம் மட்டும் வாங்கிப் போன பிரிவில் ஒருவரும் படுக்கவில்லை.

ஆகவே, "லேசான வேலை கொடுக்கலாமா" என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், உங்கள் கடையில் எது லேசான வேலை என்று யோசித்துப் பாருங்கள். டம்ளர், தட்டு கழுவுவது நேராக வாடிக்கையாளரின் வாய்க்குப் போவது. இலை துடைப்பது, தேங்காய் துருவுவது, பார்சல் சட்னி கட்டுவது எல்லாம் மீண்டும் சூடாக்கப்படாதவை. கல்லாவில் உட்கார வைக்கலாம் என்றால், சின்னக் கடையில் கல்லாவில் இருப்பவர்தான் கூட்டம் வந்ததும் எழுந்து வந்து தோசையை எடுத்து வைப்பார். எல்லாவற்றுக்கும் மேல், பின்புறம் உள்ள ஒரே கழிவறையையும் அதன் ஒரே குழாயையும் எல்லோரும்தான் பயன்படுத்துகிறோம். பெரிய தொழிற்சாலையில் ஒருவரைக் கிடங்குக்கு மாற்றிவிடலாம். நம் போன்ற இடத்தில் மாற்று வேலை என்று ஒன்று இல்லை. வீட்டில் இருக்கச் சொல்வதுதான் ஒரே வழி.

வாந்தி கடையிலேயே தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் எனக்குப் பணியாளரைவிட இதில்தான் கவலை அதிகம். நோரோ அறிகுறி வெளிப்படுவதற்குச் சற்று முன்பிருந்தே பரவக்கூடும். ஆகவே செவ்வாய் மாலை அவர் கைபட்ட, இனிச் சூடாக்காத பண்டங்கள், அதாவது சட்னி, நறுக்கிய வெங்காயம், துருவிய தேங்காய், ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தவை இன்னும் இருந்தால் கொட்டிவிடுங்கள். மாவைக் கொட்ட வேண்டியதில்லை. இட்லியாகவோ தோசையாகவோ வெந்துவிடும். வாந்தி விழுந்த இடத்தை வெறும் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளியிருப்பீர்கள். அது கிருமியைப் பரப்பும். மூக்கு, வாயை மூடிக் கையுறை போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாளால் அள்ளி, பையில் கட்டி எறிந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்க வேண்டும். பவுடரில் குளோரின் அளவு ஏறக்குறைய 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 16 கிராம் பவுடர் போட்டால் வாந்தி விழுந்த இடத்துக்கான வலிமை கிடைக்கும். கழிவறைக் கதவின் கொண்டி, குழாய்த் திருகு, ஃபிரிட்ஜ் கைப்பிடி ஆகியவற்றுக்கு 10 லிட்டர் வாளிக்கு 33 கிராம் போதும். கடைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்மதிப்பில் வேண்டாம். பத்து நிமிடம் நனைந்திருந்த பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பவுடர் பொட்டலம் திறந்து மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் போயிருக்கும். மூக்கில் நெடி ஏறவில்லையென்றால் புதிது வாங்குங்கள். கழிவறை ஆசிட்டை அதோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

ஞாயிறு வந்த பிறகு அவர் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு வாரம், அவரை மாவு ஊற்றுவது, இட்லி வேக வைப்பது போன்ற அடுப்பு வேலையில் வைத்து, சட்னியையும் பார்சல் கட்டுவதையும் வேறொருவரிடம் கொடுங்கள். விதி இதைக் கட்டாயமாக்கவில்லை. வைரஸ் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால் நான் என் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளும் எச்சரிக்கை. சானிடைசரை நம்பிவிடாதீர்கள். ஸ்பிரிட் கலந்த அந்தத் திரவம் நோரோவைச் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடி கை தேய்ப்பதும்தான் வேலை செய்யும். இங்கே ஒரு சின்னத் தவறு எல்லாக் கடையிலும் நடப்பதைப் பார்க்கிறேன். கழிவறையிலிருந்து வருபவர் அசுத்தமான கையால் குழாய்த் திருகைத் திறக்கிறார், சோப்புப் போட்டு நன்றாகவே கழுவுகிறார், பிறகு அதே திருகைக் கழுவிய விரலால் மூடுகிறார். துடைத்துக்கொள்ள ஒரு பொதுத் துண்டு வேறு ஆணியில் தொங்கும், காலையிலிருந்து ஈரமாகவே. முழங்கையால் தள்ளி மூடும் குழாய் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மாற்றி, துண்டை அகற்றிக் காகிதத்தை வையுங்கள். கழிவறைக்குள்ளேயே சோப்பு இருந்தாலும், அங்கே கழுவிவிட்டுச் சமையலறைக்குள் நுழையும்போது இன்னொரு முறை கழுவ வேண்டும்.

48 மணி நேரக் கணக்கு பொருந்தாத நோய்களும் உண்டு. மலத்தில் இரத்தமோ சீதமோ வந்தால், காய்ச்சல் விடாமல் இருந்தால், கண் மஞ்சளானால், உடனே டாக்டரிடம் அனுப்பி, அவர் எழுத்தில் சொல்லும் வரை சேர்க்காதீர்கள். இங்கேதான் சான்று கட்டாயம். மஞ்சள் காமாலை ஹெபடைடிஸ் ஏ ஆக இருந்தால், கண் மஞ்சளான நாளிலிருந்து ஏழு நாள் விலக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மஞ்சள் தெரிவதற்கு முன்பே அவர் அதிகம் பரப்பியிருப்பார். டைபாய்டு இன்னும் சிக்கலானது. காய்ச்சல் போய், உடம்பு தேறி, பசியெடுத்துச் சாப்பிடும் ஒருவரின் பித்தப்பையில் கிருமி தங்கிவிடலாம். நூறு பேரில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை இப்படி நீண்ட காலம் சுமப்பவர்களாகிறார்கள். அவர்களுக்கு எந்த அறிகுறியும் இராது. இதற்கு நம் ஊர் ஆய்வகங்களில் வழக்கமாக எடுக்கும் விடால் பரிசோதனை உதவாது. அது இரத்தத்தில் எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. நோய் போன பிறகும் பல மாதம் பாசிட்டிவாக இருக்கலாம், கிருமி சுமக்கும்போது நெகட்டிவாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியது மலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் மலக் கல்ச்சர். ஆன்டிபயாடிக் முழுவதும் முடித்த பிறகு, ஒரு முறை அல்ல, இடைவெளி விட்டுப் பல முறை எடுத்துத் தொடர்ந்து நெகட்டிவ் வர வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் அந்த அளவிலான ஆய்வகத்தை டாக்டர் மூலம் அணுகலாம்.

இப்போது ஃபிட்னஸ் சான்றுக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்றை வைத்திருக்க வேண்டும் என்பதும், டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் நான்காம் அட்டவணையிலேயே இருக்கின்றன. அந்தச் சான்று, பரிசோதித்த நாளில் அவருக்குத் தொற்று ஏதும் தென்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. மறுவாரம் அவர் எங்கோ ஒரு பானிபூரி சாப்பிட்டால் அதற்கு அந்தத் தாள் பொறுப்பேற்காது. ஆனால் ஆய்வுக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் சுவரில் மாட்டிய சான்றைக் கேட்பதால், அது இருந்தால் எல்லாம் சரி என்ற நினைப்பு பரவிவிட்டது. அதோடு ஒரு நோட்டும் வையுங்கள். யாருக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக எப்போது, மாத்திரை உண்டா, எப்போது திரும்பினார் என்று ஐந்தாறு சொல்லில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும்.

அந்த நோட்டில் உண்மை எழுதப்பட வேண்டுமானால் சம்பளத்தைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். தினக்கூலிக்கு வருபவர் வீட்டில் இருந்தால் அன்றைய பணம் போகிறது. ஆகவே போக்கு நின்றுவிட்டது என்று சொல்லவோ, லோபரமைடை விழுங்கிவிட்டு வந்து நிற்கவோ அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. உங்கள் பணியாளர் தன் நோயைச் சொன்னதே நல்லது; இந்த நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் கொடுத்துவிடுங்கள். முகூர்த்த ஆர்டருக்கு வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ளும் செலவையும் சேர்த்தாலும், 150 பார்சலில் பிரச்சினை வந்தால் நேரும் செலவோடு ஒப்பிட முடியாது. கூடுமானால் வெள்ளிக்கிழமை பார்சலில் தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்து, சாம்பாரும், சுட வதக்கி அப்படியே எடுக்கும் தக்காளித் தொக்கும் கொடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பையன் தனி வீட்டில் இருக்கிறாரா, அல்லது கடை மாடியில் மற்ற ஆட்களோடு ஒரே அறையில் படுக்கிறாரா? ஒரே அறையென்றால் மற்றவர்களிடமும் தினமும் காலையில் கேளுங்கள், ஒன்றிரண்டு நாளாவது அவர்களை முக்கியமாகச் சட்னியிலிருந்தும் பார்சல் கட்டுவதிலிருந்தும் தள்ளி வையுங்கள். இருவர் மூவருக்கு ஒரே நாளில் தொடங்கினால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியதாக இராமல், அவர்கள் சேர்ந்து சாப்பிட்டதோ குடித்த தண்ணீரோ காரணமாக இருக்கலாம். மேல்நிலைத் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கடையை நிறுத்தி வைத்துவிட்டு மாவட்ட நியமன அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.